மளிகைக் கடையில் முறுக்கு வைப்பது: எத்தனை பாக்கெட், எத்தனை நாள்

"அக்கா, யீஷூனில் வீட்டிலேயே தேங்காய்ப்பால் முறுக்கு, ரவா லட்டு, பால்கோவா செய்து தெரிந்தவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். எங்கள் புளோக்குக்குக் கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர், 'ஆளுக்குக் கொஞ்சமா எதுக்கு, இருபது பாக்கெட் இங்க வெச்சுட்டுப் போம்மா, வித்தா காசு, இல்லாட்டி எடுத்துக்கோ' என்கிறார். வைக்கலாமா? தேதி எத்தனை நாள் போடுவது? லைசென்ஸ் ஏதும் வேண்டுமா?"

லைசென்ஸிலிருந்தே தொடங்குகிறேன் தங்கச்சி, ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இப்போது நீங்கள் செய்வதில், அதாவது வீட்டில் கொஞ்சமாகச் செய்து சாப்பிடப் போகிறவருக்கே நேராக விற்பதில், தவறு இல்லை. வீவக வீடுகளில் வீட்டிலிருந்து செய்யும் சிறுதொழிலுக்கான திட்டத்தில் அது அடங்கும். உணவு உரிமம் தேவைப்படாது. வீட்டில் குடியிருப்பவர்கள்தான் செய்ய வேண்டும், வெளியாளைச் சம்பளத்துக்கு வைக்கக் கூடாது, பெரிய இயந்திரங்கள் கூடாது, வாசலில் பலகை மாட்டக் கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொல்லை இருக்கக் கூடாது. இவ்வளவுதான். ஆனால் அதே முறுக்கை இன்னொரு கடைக்குச் சப்ளை செய்யத் தொடங்கிய நிமிடமே நீங்கள் அந்தத் திட்டத்துக்கு வெளியே வந்துவிடுகிறீர்கள். கடைகளுக்குக் கொடுப்பதற்காக உணவு தயாரிக்கும் இடத்துக்கு, எஸ்எஃப்ஏ எனப்படும் சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் உணவுத் தயாரிப்பு உரிமம் வேண்டும். வீவக சமையலறைக்கு அந்த உரிமம் கிடைக்காது. அதற்கென்று உள்ள தொழிற்பேட்டைக் கட்டடங்களில்தான் கிடைக்கும்.

"நான் விற்கவே இல்லையே, வைத்துவிட்டுத்தானே வருகிறேன், விற்றால்தானே காசு" என்று பலர் கேட்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். விற்பனைக்காகக் கொடுத்து வைப்பதையும் சட்டம் விற்பனையாகவே பார்க்கிறது. காசு எப்போது கை மாறுகிறது என்பதில் அதற்கு அக்கறை இல்லை. கடைக்காரருக்கும் இதில் சிக்கல் உண்டு. வீட்டு முறுக்கு சாப்பிட்டு ஒருவருக்கு வயிறு கெட்டால், விற்றவர் என்ற முறையில் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம், விதி தெரியாமலும் சொல்லியிருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கிளவுட் கிச்சன் எடுத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அவற்றுக்கு இருப்பது வாடிக்கையாளருக்கு நேராக விற்பதற்கான உணவுக்கடை உரிமம். கடைகளுக்கு மொத்தமாகத் தருவது வேறு வகை. முன்பணம் கட்டுவதற்கு முன்னால், அந்த இடத்தின் உரிமத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

நான் போன வழி இது. செனோக்கோ பக்கத்தில் உரிமம் வைத்திருந்த ஒரு சிறிய பலகாரத் தயாரிப்பாளரிடம் என் செய்முறையைக் கொடுத்து, வாரம் இரண்டு நாள் அவர் இடத்திலேயே, அவருடைய உரிமத்தின் கீழ், அவருடைய ஆட்களோடு நின்று செய்தேன். உணவுப் பாதுகாப்புப் பயிற்சி எடுத்துக்கொண்டேன். பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் அவருடையது, பிராண்ட் என்னுடையது. கூலி போக மீதி குறைவுதான், ஆனால் கடைக்காரர் கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருந்தது. கீழே நான் சொல்லும் கணக்கெல்லாம் அந்த ஏற்பாட்டில் வந்தவை. உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைத்தால் இது உதவும். கிடைக்கும்வரை நேர் ஆர்டரே எடுங்கள்.

சரி, தேதி.

முறுக்கும் பால்கோவாவும் ஒரே தட்டில் வைக்கக் கூடியவைதான், ஆனால் கெடும் விதம் முற்றிலும் வேறு. நன்றாகப் பொரிந்த முறுக்கில் தண்ணீர் மிகமிகக் குறைவு. கிருமி வளர அதில் ஈரம் போதாது. அதனால் முறுக்கு கெட்டால் வாய்க்குத்தான் தெரியும்: நமத்துப் போகும், இல்லை சிக்கு வாடை அடிக்கும். வயிற்றைக் கெடுக்கும் அளவுக்குப் போவதற்கு வெகு முன்பே யாரும் அதைச் சாப்பிட மாட்டார்கள். பால்கோவாவில் ஈரமும் இருக்கிறது, பாலும் இருக்கிறது. அது பார்வைக்கும் நாக்குக்கும் நன்றாக இருந்துகொண்டே ஆபத்தாக மாறலாம். எனவே பால்கோவாவை இந்தப் பேச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள். அதை 4 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். மளிகைக் கடையில் இருப்பது குளிர்பானப் பெட்டி. பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதன் கதவைத் திறப்பார்கள். அதற்குள் எத்தனை டிகிரி என்று கடைக்காரருக்கே தெரியாது. தேங்காய் பர்ஃபியும் அப்படித்தான்.

ரவா லட்டு நடுவில் நிற்கிறது, அதை முடிவு செய்வது நீங்கள் பிடிக்கும் விதம். உருண்டை பிடிக்க இரண்டு கரண்டி சூடான பால் தெளிப்பவரா நீங்கள்? அப்படியானால் அது மூன்று நாள் சரக்கு, கடைக்கு ஆகாது. பால் இல்லாமல், வறுத்த ரவையையும் பொடித்த சர்க்கரையையும் காய்ச்சிய நெய்யில் மட்டுமே பிடித்தால், தேங்காய்த் துருவலும் இல்லாமல் இருந்தால், இரண்டு வாரம் நான் தைரியமாகத் தருவேன். ஆனால் லட்டில் இன்னொன்றைக் கவனியுங்கள். முறுக்கைக் கையால் பிழிந்தாலும் அதற்குப் பிறகு கொதிக்கும் எண்ணெயில் போகிறது. லட்டைக் கையால் பிடித்த பிறகு அதற்கு எந்தச் சூடும் கிடையாது. கையில் உள்ளது அப்படியே பாக்கெட்டுக்குள் போய்விடும். கையுறை போட்டுத்தான் பிடிக்க வேண்டும். போட்ட கையுறையோடு கைப்பேசியை எடுத்தால் அந்த ஜோடி குப்பைக்கு. விரலில் வெட்டுக்காயமோ கொப்புளமோ இருப்பவர் அன்றைக்கு லட்டுப் பக்கமே வரக் கூடாது.

முறுக்குக்கு வருகிறேன். இங்கே நம்முடைய எதிரி காற்று. சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். ஊரில் வெயில் காலத்தில் தகர டப்பாவில் ஒரு மாதம் மொறுமொறுப்பாக இருந்த அதே முறுக்கு, இங்கே திறந்த தட்டில் ஓர் இரவு இருந்தால் காலையில் வளையும். அதனால் ஊர்ப் பாட்டி சொன்ன நாள் கணக்கு இங்கே செல்லாது.

நமத்துப் போவதற்குக் காரணம் எங்கே இருக்கிறது என்பதை, எந்த நாளில் நமத்தது என்பதை வைத்தே சொல்லிவிடலாம். சீல் பிரிக்காத பாக்கெட் மூன்றாம் நாளே மென்மையாகிவிட்டால் வெளிக்காற்று காரணம் அல்ல. ஈரம் உள்ளேயே இருந்திருக்கிறது. எண்ணெய் அதிகச் சூட்டில் இருந்தால் வெளியே சிவந்துவிடும், நடு வளையத்தில் ஈரம் தங்கிவிடும். பாக்கெட்டுக்குள் போன பிறகு அது மெல்ல வெளியே பரவும். எண்ணெயில் நுரை முழுக்க அடங்கி, சலசலப்பு நின்ற பிறகுதான் எடுக்க வேண்டும். ஆறியதும் தடித்த இடத்தில் உடைத்துப் பாருங்கள், 'டக்' என்று உடைய வேண்டும். இளஞ்சூட்டிலேயே பாக்கெட் போடுவதும் இதே விளைவைத் தரும். உள்ளே ஆவி படிந்து தண்ணீராகும். ஆனால் ஆறட்டும் என்று மதியம்வரை திறந்து வைத்தாலும் காற்றிலிருந்து ஈரம் ஏறிவிடும். நாங்கள் குளிரூட்டிய அறையில், கம்பித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத நிலை வந்த உடனே சீல் செய்துவிடுவோம்.

மாறாக, முதல் பத்து நாள் நன்றாக இருந்து அதற்குப் பிறகு நமத்தால் பாக்கெட்டில் குறை. மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தால், அந்த ஊசித் துளைகளே போதும். முள்முறுக்காக இருந்தால் முள்ளே பையைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு பாக்கெட்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள், குமிழி வந்தால் தெரிந்துவிடும். நாங்கள் வெள்ளி நிற உட்பூச்சு உள்ள தடித்த பைக்கு மாறினோம். உள்ளே இருப்பது தெரியவில்லை என்று கடைக்காரர் முகம் சுளித்தார். முறுக்குப் படம் ஒட்டி அவரைச் சமாதானப்படுத்தினேன்.

சிக்கு வாடை வேறு கதை. அது எண்ணெய் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து கெடுவது. முந்தைய நாள் எண்ணெயில் பொரித்தது சீக்கிரம் சிக்கடிக்கும். சூரியகாந்தி எண்ணெயைவிடப் பாமாயில் அதிக நாள் தாங்கும், உடம்புக்கு எது நல்லது என்பது வேறு விவாதம். உங்கள் தேங்காய்ப்பால் முறுக்கில் இன்னொரு தனிக் குறை வரும். தேங்காய்க் கொழுப்பு ஈரத்தோடு சேர்ந்து உடைந்தால் சிக்கு வாடைக்குப் பதில் சோப்பு வாடை வரும், நாக்கில் வழவழவென்று தெரியும். "சோப்பு போட்டுக் கழுவின சட்டியில செஞ்சீங்களா" என்று யாராவது கேட்டால் சட்டியைத் திட்டாதீர்கள். பொரிப்பு போதவில்லை, அல்லது பாக்கெட் தாங்கவில்லை. இதனால்தான் எங்கள் வெண்ணெய் முறுக்குக்கு 28 நாள் போட்டாலும் தேங்காய்ப்பால் முறுக்குக்கு 21 நாளுக்கு மேல் போட்டதில்லை.

இந்த 21 உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நாளை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஈட்டில் பத்து பாக்கெட்டைத் தனியாக எடுத்து, குளிர்சாதன அறையில் வைக்காமல், கடையில் எப்படித் தொங்குமோ அப்படிச் சமையலறை ஜன்னல் ஓரம் தொங்கவிடுங்கள். ஏழாம் நாளிலிருந்து நான்கு நாளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த வாரம் செய்த புது முறுக்கை இன்னொரு தட்டில் வைத்து, எது எது என்று சொல்லாமல் வீட்டில் இருவரிடம் கொடுங்கள். பழையதை அவர்கள் சரியாகக் கண்டுபிடிக்கும் முதல் நாள்தான் உங்கள் எல்லை. அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாக்கெட்டில் போடுங்கள். எங்களுக்குத் தேங்காய்ப்பால் முறுக்கை 31ஆம் நாளில் கண்டுபிடித்தார்கள், 21 போட்டோம். இது சுவைக்கான சோதனை மட்டும். ஈரமுள்ள இனிப்புக்கு இந்தச் சோதனை செல்லாது, அதற்கு ஆய்வுக்கூடம்தான்.

இப்போது இருபது பாக்கெட் விஷயம். 21 நாளும் கடையில் இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. செய்து, சீல் போட்டு, கொண்டுபோய் வைக்க இரண்டு நாள். வாங்கியவர் வீட்டில் பிரித்துச் சாப்பிடக் குறைந்தது ஏழு நாள் வேண்டும். இரண்டு நாளில் முடியப் போகிற பாக்கெட்டை விற்றால் அவர் மறுபடி வாங்க மாட்டார். மீதி 12 நாள்தான் கடையின் தட்டுக்கு. எனவே அந்தக் கடையில் 12 நாளில் எவ்வளவு விற்குமோ அதற்கு மேல் ஒரு பாக்கெட்டும் வைக்கக் கூடாது. வாரம் ஒரு முறை போய்ப் பார்ப்பதாக இருந்தால், ஒரு வார விற்பனையோடு இரண்டு மூன்று அதிகம் போதும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். 200 கிராம் பாக்கெட், கடை விலை 4 வெள்ளி. கடைக்காரருக்கு 1 வெள்ளி, எனக்கு 3. மாவு, எண்ணெய், பை, கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 1 வெள்ளி 80 காசு. விற்ற ஒவ்வொன்றிலும் 1 வெள்ளி 20 காசு மீதி. முதல் தடவை தட்டு நிறைந்து தெரிய வேண்டும் என்று 24 வைத்தேன். 15 விற்றது, 9 திரும்பி வந்தது. விற்றதில் வந்தது 18 வெள்ளி, திரும்பியதில் போனது 16 வெள்ளி 20 காசு. போக்குவரத்துக்குக் கூடக் காணாது. அடுத்த தடவை அதே கடையில் 14 மட்டும் வைத்தேன். 13 விற்றது, ஒன்று திரும்பியது. கையில் 13 வெள்ளி 80 காசு. குறைவாக விற்று ஏழு மடங்குக்கு மேல் மிச்சம். கடைக்காரர் "காலியாத் தெரியுது" என்று முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், திரும்பும் பாக்கெட்டில் அவருக்கு நட்டம் இல்லை, நமக்குத்தான்.

வாராவாரம் நீங்களே போக வேண்டும், அனுப்பிவிட்டு இருக்கக் கூடாது. புதியதைக் கொண்டுவருபவர் அவசரத்தில் முன்னால் மாட்டிவிட்டுப் போய்விடுவார், பழையது கம்பியின் கடைசியில் மாதக்கணக்கில் கிடக்கும். புதியதைப் பின்னால் மாட்டி, ஏழு நாளுக்குக் குறைவாக இருப்பதை எடுத்து வாருங்கள். எடுத்து வந்ததை வேறு பையில் போட்டுப் புதுத் தேதி ஒட்டுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். தேதியை மாற்றுவதும், தேதி முடிந்ததை விற்பதும் குற்றம். எங்களுடையதைக் கூடத்தில் வேலை பார்த்தவர்கள் டீயோடு முடித்துவிடுவார்கள்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஈட்டு எண் எதற்கு என்று புரியும். ஒரு கடையிலிருந்து ஒரே வாரத்தில் ஐந்து பாக்கெட் சிக்கு வாடை என்று திரும்பி வந்தன. தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. எண்ணெயில்தான் கோளாறு என்று முதலில் பயந்தேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஈட்டு எண் இருந்தது, எந்த ஈடு எந்தக் கடைக்குப் போனது என்று நோட்டில் எழுதியிருந்தேன். ஐந்தும் ஒரே ஈடு. அதே ஈடு இன்னும் இரண்டு கடைகளில் இருந்தது. ஓடிப்போய் இரண்டிலும் ஒவ்வொன்று பிரித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தன. அப்படியானால் எண்ணெய் இல்லை, இடம். அந்தக் கடைக்குப் பிற்பகல் நான்கு மணிக்குப் போய் நின்றபோது தெரிந்தது: மேற்கு வெயில் ஐந்தடி நடைபாதையைத் தாண்டி நேராக என் கம்பியில் விழுந்துகொண்டிருந்தது. அப்போது கண்ணாடி போன்ற பைதான் போட்டுக்கொண்டிருந்தோம். பாக்கெட்டைத் தொட்டால் கை சுட்டது. கம்பியை உள்சுவருக்கு மாற்றச் சொன்னேன், வெள்ளிப் பைக்கு மாறியதும் அதற்குப் பிறகுதான். மூன்று கடையிலும் ஒரே ஈடு கெட்டிருந்தால் தவறு எங்கள் சட்டியில் இருந்திருக்கும், அத்தனையையும் அன்றே திரும்ப எடுத்திருப்பேன்.

லேபிளைப் பற்றிச் சுருக்கமாக. ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தமிழ் கூடுதலாக இருக்கலாம். பொருளின் பெயர், எடை, அதிகம் சேர்ந்ததிலிருந்து குறைவு வரை வரிசையாகச் சேர்பொருள்கள், தயாரிப்பாளர் பெயர், முகவரி. கோதுமை, பால், வேர்க்கடலை, முந்திரி, சோயா போன்ற ஒவ்வாமை தருபவை இருந்தால் அதைச் சொல்லியாக வேண்டும். லட்டில் நெய் போட்டால் அது பால், ரவை போட்டால் அது கோதுமை. பெருங்காயத்தை மறக்காதீர்கள். கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்; அரிசி முறுக்குதானே என்று நம்பி வாங்குபவருக்கு அது தெரியாது. காலையில் வேர்க்கடலைப் பக்கோடா பொரித்த எண்ணெயில் மத்தியானம் முறுக்கு போட்டால், முறுக்கிலும் வேர்க்கடலை இருக்கிறது என்றுதான் பொருள்.

கடைக்காரரிடம் எழுத்தில் ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்: எத்தனை வைத்தது, எந்த ஈடு, எத்தனை திரும்பியது, எந்தக் கிழமை கணக்கு முடிப்பது. எலி கடித்தது, வெயிலில் கெட்டது, யாரோ பிரித்துவிட்டுப் போனது, இவை யார் கணக்கில் என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் அவர் நாற்பது கேட்பார், கொடுக்கலாம். ஆனால் பண்டிகைக்கு மூன்று நாள் முன்பே புதிதாக வைப்பதை நிறுத்திவிடுங்கள். தீபாவளிக்கு மறுநாள் எல்லார் வீட்டிலும் டப்பா டப்பாவாக முறுக்கு இருக்கும், மூன்று வாரத்துக்கு ஒருவரும் கடையில் முறுக்குப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.